இடது மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி: ஒரு கல்யாணப் படத்தைச் சீர்செய்த கதை

சட்டம் போட்ட படம் ஒன்றைக் குளிக்கிற துண்டில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு சோழவந்தானிலிருந்து ரயிலில் வந்திருந்தார் அந்த அக்கா. மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் நான் வைத்திருக்கும் போட்டோ லேபில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வராது. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

“அம்மாவுக்கு ஆவணியில எண்பது முடியுது தம்பி. ஆல்பம் போடணும். ஆனா நீங்க செஞ்சு தர வேணாம். எனக்குச் சொல்லிக் குடுங்க, நானே செஞ்சுக்கிறேன்.”

ஏன் என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். படம் மொத்தம் நாற்பது, ஒவ்வொன்றுக்கும் நான் ரேட்டு சொல்லுவேன். இரண்டாவது, “எங்கம்மா மூஞ்சி எனக்குத்தான தெரியும்? நீங்க எதையாச்சும் அழிச்சுப்புட்டா?”

முதல் காரணம் நியாயமானது. இரண்டாவது காரணத்தை அப்போது நானும் நியாயம் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் கழித்து, இரண்டு பேருக்குமே அந்த முகம் சரியாகத் தெரியவில்லை என்று ஆனது. அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாகத் தையல். கம்ப்யூட்டர் தொட்டதில்லை. மகன் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் படம் திருத்துவதற்கு இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளை ஏற்றிக் கொடுத்தேன். நாற்பது படத்தில் இருபத்தொன்பது கலர்ப் படம். மங்கல், மஞ்சள், ஓரக் கிழிசல் என்று வழக்கமான சங்கதிதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துண்டில் சுற்றி வந்த அந்த ஒரு படம்தான் விஷயம்.

1964-இல் மதுரை ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கல்யாணப் படம். ஆறுக்கு எட்டு அங்குலம், கறுப்பு வெள்ளை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பத்தொன்பது வயது. அப்பா பக்கத்தில் நிற்கிறார், வெள்ளை முழுக்கைச் சட்டை, இடது கை நாற்காலியின் முதுகில். ஓட்டு வீட்டுச் சுவரில் அறுபது வருடம் தொங்கியது. ஏதோ ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, தண்ணீர் சட்டத்துக்குள் இறங்கியிருக்கிறது. கீழ்ப் பாதி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டிய இடம் ஈரத்துணி மாதிரி கருத்துத் தெரிந்தது, ஒட்டாத இடம் வெளுத்துத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே சேலை மடியின் குறுக்காக ஒரு வளைந்த கோடு. மேல் பாதியில் டீ கொட்டியது மாதிரி பழுப்புக் கறை. முகங்களின் மேலும் பின்னணியிலும் வெள்ளைப் புள்ளிகள். கீழ்ப் பாதியில், அப்பாவின் இடது கை இருக்க வேண்டிய இடத்தில், படமே இல்லை. வெறும் காகிதம்.

“கண்ணாடியில இருந்து பிச்சு எடுத்துறலாமா தம்பி? தண்ணியில ஊறப்போட்டா வந்துரும்னு ஒருத்தவங்க சொன்னாங்க.”

இந்த இடத்தில் பலர் படத்தைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் இருப்பது காகிதத்தில் இல்லை, காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பிப் பசையாகிறது, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் படலம் கண்ணாடியோடு நின்றுவிடும், காகிதம் மட்டும் கையோடு வரும். அப்பாவின் கைக்கு நடந்தது அதுதான். எப்போதோ யாரோ சட்டம் மாற்றக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றியவர்கள் உண்டு, ஆனால் பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரிலேயே கரைந்து போகும். இதில் பூஞ்சை இருந்தது. ஆகவே கழற்றவில்லை. கண்ணாடியோடு சேர்த்தே படத்தைப் படம் எடுத்தோம்.

என்னிடம் இருக்கும் ஸ்கேனர் ஒல்லி ரகம். காகிதம் அதன் கண்ணாடியில் அழுந்தினால்தான் கூர்மையாக வரும், நடுவில் இன்னொரு கண்ணாடி வந்தால் கலங்கிவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டி, சட்டத்தைத் தரையில் கிடத்தி, இரு பக்கமும் நாற்பத்தைந்து டிகிரியில் ஒவ்வொரு விளக்கு வைத்தேன். முதல் படத்தில் அம்மாவின் நெற்றிக்கு மேலே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் சேலை கண்ணாடியில் விழுந்திருந்தது. கறுப்பு சார்ட் அட்டை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டிக் கேமராவில் மாட்டி, அக்காவை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால், துடைத்ததில் காணாமல்போன புள்ளிகள் கண்ணாடிமேல் கிடந்த தூசி. அப்படிப் பத்துப் பதினைந்து போயின. மிச்சம் நூற்றுக்கணக்கில் இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துவிடக் கூடாது. கலரில்தான் எடுக்க வேண்டும். காரணத்தை அக்காவுக்கு வாயால் சொன்னால் புரிந்திருக்காது, செய்து காட்டினேன். GIMP-இல் `Colors > Components > Decompose` என்று போய் RGB-ஐத் தேர்ந்தால், ஒரு படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரியும். நீலத்தில் அந்தப் பழுப்புக் கறை தார் ஊற்றியது மாதிரி இருந்தது. பச்சையில் பாதி. சிவப்பைத் திறந்ததும் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கறை போன இடம் தெரியவில்லை. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியைத்தான் விழுங்குகின்றன, சிவப்பை ஏறக்குறைய வெற்றுக் காகிதம் மாதிரியே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் கறை தானாகவே விலகிக்கொள்ளும். பிரஷ் தொடவே இல்லை. நீல மைக் கறையாக இருந்தால் நீலத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

“அப்ப சலவைக்குப் போட்ட மாதிரிதான்,” என்றார் அக்கா.

அடுத்தது புள்ளிகள். முதல் தப்பும் அங்கேதான் நடந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் வந்து கற்றுக்கொண்டு போய், வாரம் முழுக்க இரவில் கடையை அடைத்தபின் செய்து பார்ப்பது அவர் வழக்கம். ஒரு வாரம் வந்தபோது முகம் பூரித்திருந்தது. மெனுவில் தேடி `Despeckle` என்பதைத் தானே கண்டுபிடித்திருக்கிறார். அதில் `Radius` என்ற எண் 3-இல் இருந்தது. சின்னப் புள்ளிகள்தான் போயின, பெரியவை நின்றன. 10 வைத்தார். எல்லாம் போய்விட்டது. நாலு மணி நேர வேலை, நாலு நொடியில்.

திறந்து காட்டினார். உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. நான் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அவரே சொன்னார்: “எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஆனா அம்மா கண்ணு மட்டும் செத்துப்போன மாதிரி இருக்கு. ஏன்னு தெரியல.”

அந்த ஃபில்டர் படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டு, நடுவில் நிற்கும் அளவை எடுத்துவைக்கிறது. கூட்டத்தில் தனியாக மின்னுகிற எதையும் அது தூசி என்றே எடுத்துக்கொள்ளும். கண்மணியில் ஸ்டுடியோ விளக்கு விழுந்த சின்ன வெளிச்சம், நாலைந்து பிக்சல் அகலம். அதைத் தின்றுவிட்டது. சேலைச் சரிகையின் மினுக்கை தின்றுவிட்டது. தோட்டின் கற்கள் சாம்பல் உருண்டையாகிவிட்டன. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் காணவில்லை. அம்மாவின் இடது மூக்கில், பன்னிரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு வெள்ளை வட்டம்.

“ஐயோ, மூக்குத்திய முழுங்கிருச்சே!” என்றார்.

அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, கையால் செய்வது என்று முடிவானது. படத்தின் நகலை மேலே இன்னொரு லேயராக வைத்து, அடிப்படத்தைத் தொடாமல் அந்த நகலில் மட்டும் ஒட்டுப் போடுவது. சமமான இடத்தில், அதாவது கன்னத்தில், பின்னணித் திரையில், `Heal`. அது சுற்றியுள்ள நிறத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் அதே குணம் வினையாகிவிடும். தாடை ஓரத்துப் புள்ளியை `Heal` வைத்து அழித்தால், பக்கத்துக் கருந்திரை தாடைக்குள் கசிந்து, கரி பூசியது மாதிரி ஆகும். ஓரங்களில் `Clone`தான், அது எடுத்ததை எடுத்தபடி ஒட்டும். மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அக்கா ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டார். ஜாக்கெட்டின் நடுவில் ஒட்டுப் போடும்போது நூல் கலர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தால் தெரியாதாம், பார்டரை ஒட்டி வந்தால் அதே துணியில் அதே நூலை உருவித்தான் தைக்க வேண்டுமாம். மாலையைச் சீர்செய்தபோது மட்டும் கொஞ்சம் சறுக்கினார். ஒரே பூவை மூன்று இடத்தில் ஒட்டிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் மூன்றும் ஒரே இதழை ஒரே பக்கமாக மடித்துக்கொண்டு நின்றனவாம். பிரிண்ட் போட்ட புடவை மாதிரி இருந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

ஆக மூன்று வாரம் புள்ளி பொறுக்கினார். மூக்குத்தியைச் சுற்றியும் நாலைந்து புள்ளிகள் ஒட்டிக் கிடந்தன. அவற்றை எடுத்து, வட்டத்தின் விளிம்பைத் துலக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆனதாகச் சொன்னார்.

மிச்சம் இருந்தது அப்பாவின் கை. படலமே போய்விட்ட இடத்தில் சீர்செய்ய ஒன்றும் இல்லை. வரையலாம், அது வேறு வேலை. அக்கா வலது கையை எடுத்துத் திருப்பி ஒட்டிப் பார்த்தார். விரல்கள் வெளிச்சத்துக்கு எதிராக நின்றன, பார்த்தவுடன் உறுத்தியது. ஸ்டுடியோக்காரர்கள் ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு மூன்று பிரதி போட்டு இரு வீட்டுக்கும் கொடுப்பது அந்த நாள் வழக்கம் என்று சொன்னேன். அம்மா வழியில் விசாரித்தார். உசிலம்பட்டியில் தாய்மாமா வீட்டு பீரோவில், பத்திரக்கட்டுக்கு அடியில் ஒன்று கிடந்தது. போஸ்ட்கார்டு அளவு. வெளிறிப் போயிருந்தது, ஆனால் கை முழுசாக இருந்தது. மோதிரம்கூடத் தெரிந்தது.

அதைப் பெரிதாக்கி, பெரிய படத்தின்மேல் பாதி தெரிகிற மாதிரி வைத்து, நாற்காலியின் இரண்டு முனைகளையும் பொருத்தி, கையை மட்டும் விட்டு மற்றதை மறைத்தோம். சின்னதிலிருந்து பெரிதாக்கியதால் அந்த இடம் மட்டும் மழமழவென்று இருந்தது. கொஞ்சம் புள்ளிகளைப் பொடிப் பொடியாகச் சேர்த்ததும் மற்ற இடத்தோடு ஒன்றியது. உற்றுப் பார்ப்பவருக்கு இன்றும் தெரியும். அதற்குமேல் என்னால் முடியாது.

அப்போதுதான் அக்கா சின்னப் படத்தில் மூக்கைத் தேடினார். இருந்தது. அதே இடம், அதே வட்டம்.

“பாத்தீங்களாக்கா? ரெண்டு பிரதியிலயும் இருக்கு. தூசியா இருந்தா ஒண்ணுல தான இருக்கும்? மூக்குத்தியேதான்,” என்று அடித்துச் சொன்னேன்.

இருபது வருடம் இந்த வேலை பார்க்கிறவன் சொல்லக் கூடாத பேச்சு. இரண்டு பிரதியும் ஒரே நெகட்டிவின் பிள்ளைகள். நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் அது இரண்டிலும் வெள்ளையாக விழும். இரண்டிலும் இருக்கிறது என்பதற்கு நெகட்டிவில் இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அம்மாவின் மூக்கில் இருந்தது என்பதல்ல. எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அக்காவுக்கு வேறு ஒன்று உறைத்தது. தன் மூக்கையே தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஆனா தம்பி, எங்கம்மாவுக்கு மூக்குத்தி வலது பக்கம்.”

“நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருப்பாங்க. இடம் வலமா மாறியிருக்கும்,” என்றேன். நடக்கக்கூடியதுதான். எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. திரையில் படத்தை நகர்த்தி, அப்பாவின் சட்டைக்குப் போனார். மார்பை நானூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினார். “இங்க பாருங்க. ஆம்பளச் சட்டைக்குக் காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம். இதுல காஜாப் பட்டி சரியாத்தான் இருக்கு. அம்மா முந்தானையும் இடது தோள்லதான் கெடக்கு. படம் திரும்பல தம்பி.”

தையல்காரரிடம் சட்டையைப் பற்றி வாதாட முடியுமா? பேசாமல் மூக்குக்கு வந்தேன். இந்தமுறை ஒழுங்காகப் பார்த்தேன்.

தோட்டைப் பாருங்கள் என்று அவருக்கும் காட்டினேன். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சாம்பல், சுற்றிலும் தங்கக் கட்டின் கருவளையம், கீழே காது மடலில் ஒரு நிழல். மூக்கில் இருப்பதற்கு நிழலே இல்லை. கட்டும் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெள்ளை, வெறும் காகிதத்தின் வெள்ளை. ஸ்டுடியோ வெளிச்சத்தில் இருக்கிற ஒரு பொருள் அப்படி இருக்காது. பிறகு கன்னத்துக்கு நகர்ந்தேன். மூன்று வாரமாக அக்கா “தோல் என்னமோ சொரசொரன்னு இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்த இடம். கண்ணுக்குக் கீழே, மூக்கோரக் கோட்டில், கமா மாதிரி மிகச் சின்னச் சின்னக் கீற்றுகள், ஒன்றை ஒட்டி ஒன்று. பென்சில்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒரு காலத்தில் முழு நேர டச்சிங் ஆள். சாய்வாக வைத்த மேசையில் பால் கண்ணாடி பதித்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும்படி செய்து, அதன்மேல் நெகட்டிவை வைத்துக்கொள்வார். பென்சில் பிடிப்பதற்காக அதன்மேல் ஒரு மருந்தைத் தடவுவார். பென்சில் முனையை மணல் காகிதத்தில் ஊசி மாதிரி தீட்டியிருப்பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: கரியைச் சேர்த்தால் படத்தில் வெளுக்கும், கத்தியால் சுரண்டினால் படத்தில் கருக்கும். கண்ணுக்கடியில் சுருக்கம் இருந்தால் பென்சிலால் மெல்லக் கீறி நிரப்புவார், கல்யாணப் பெண்ணுக்கு முகம் தெளிந்துவிடும். கட்டியான மையால் ஒரு பொட்டு வைத்தால், அச்சில் அது தூய வெள்ளை. கறுப்பு மைதான் வைரமாக விழும்.

ஆக அந்த வட்டம் தூசியும் இல்லை, மூக்குத்தியும் இல்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு டச்சிங். அக்கா ஒரு மணி நேரம் விளிம்பு துலக்கியது இன்னொரு டச்சிங்காரரின் வேலையை.

“அப்ப அழிச்சுறவா?” என்று கேட்டார். கை மவுஸில் இருந்தது.

“அம்மாவைக் கேட்டுட்டுச் செய்ங்க,” என்றேன். இந்த முறை அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வட்டத்தை மறைக்கும் ஒட்டை மட்டும் தனி லேயரில் போட்டு வைக்கச் சொன்னேன், கண் குறியை அழுத்தினால் வரும், போகும்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு அம்மாவின் இன்றைய படம் ஒன்று வேண்டும். அதை எடுக்க ஆடி மாதக் கடைசியில் சோழவந்தான் போனேன். சோதனைக்குப் போட்ட இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டேன், வட்டத்தோடு ஒன்று, வட்டம் இல்லாமல் ஒன்று. திரையில் பார்த்ததைவிட இரண்டும் ஒரு மாத்திரை இருட்டாக விழுந்திருந்தன. அக்கா லேப்டாப்பின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து வேலை பார்த்திருக்கிறார். அதைப் பிறகு சரிசெய்துகொண்டோம்.

அம்மா முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வட்டம் இருந்த பிரதியைத்தான் முதலில் கொடுத்தோம். கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, அப்பாவை ரொம்ப நேரம் பார்த்தார். கையைத் தடவிப் பார்த்தார். நாங்கள் வேறு படத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கை.

“ஏம்மா, கல்யாணத்துல ஒனக்கு மூக்குத்தி இடது பக்கமா இருந்துச்சு?” என்று கேட்டார் அக்கா.

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்ப எனக்கு மூக்கே குத்தலடி.”

“அப்ப இது?”

“அது கல்லு இல்ல, மை. மூக்கு மூளியா இருக்கு, ஊருல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாகன்னு ஒங்க அப்பத்தாதேன் போட்டோக்காரர்கிட்டச் சொல்லி வைக்கச் சொன்னாக. அதுக்கு எட்டணா கூடக் கேட்டாராம். படம் வந்த அன்னைக்கு நாந்தேன் மொதல்ல பாத்தேன். யாருடா இவ, எங்கிட்ட இல்லாதத எல்லாம் போட்டிருக்கான்னு.”

“ஏம்மா இத்தனை வருஷமா சொல்லவே இல்ல?”

“நீ கேக்கலயே.”

வலது மூக்கில் இருந்தது 1971-இல் பால் காசு சேர்த்து அவரே குத்திக்கொண்டது. ஆசாரி வலதா இடதா என்று கேட்டபோது, படத்தில் இல்லாத பக்கமாகப் பார்த்து வலது என்று சொன்னாராம். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

அக்கா இரண்டாவது பிரதியை நீட்டினார். மூளி மூக்கோடு பத்தொன்பது வயதுப் பெண். அம்மா அதையும் பார்த்தார். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் எதைச் சொல்லுவார் என்று தெரியும் என்றுதான் நினைத்தேன். அதுவும் தப்பு.

“இது இருக்கட்டும்,” என்று வட்டம் இருந்ததை எடுத்தார். “ஒங்க அப்பத்தா எனக்குப் போட்ட நகை இது ஒண்ணுதேன். அதையும் நீ அவுக்காத.”

அக்கா சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வட்டம் இருக்கிறது. மறைக்கும் லேயரை அணைத்து வைத்துத்தான் பிரிண்டுக்குக் கொடுத்தோம். கன்னத்துப் பென்சில் கீற்றுகளையும் அக்கா அதன்பிறகு தொடவில்லை. வட்டம் இல்லாத பிரதியை அம்மா திருப்பித் தரவும் இல்லை, எங்கே வைத்தார் என்று அக்காவுக்கும் தெரியாது.

படம் எடுக்க ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலி போட்டிருந்தேன். அம்மா வந்து உட்கார்ந்தார், பிறகு எழுந்தார். “ஏப்பா, எம் மூக்குத்தி இங்கிட்டு இருக்கு. நீ அங்கிட்டு நின்னு என்னத்த எடுக்கப் போற?” நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றி, இருட்டு விழுந்த பக்கத்துக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு வெளிச்சத்தைத் திருப்பி, மறுபடி எடுத்தேன்.

அந்த ஞாயிறு லேபில் அக்கா அதைத் திறந்தார். மூக்குத்தியில் வெளிச்சம் பட்டு அந்த இடம் மட்டும் வெந்து வெளுத்திருந்தது, கல்லின் பட்டை ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் குறைத்துவிடலாம் என்று மவுஸுக்குக் கை நீட்டினேன். “விடுங்க தம்பி,” என்றார். சுருக்கங்களை விட்டார். உதட்டோரத்து வெற்றிலைக் காவியை விட்டார். அம்மாவின் தலைக்குப் பின்னால் சுவரில், கல்யாணப் படம் தொங்கிய ஆணி மட்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது. `Heal` எடுத்து மூன்று அழுத்தலில் அதை அழித்தார். ஆணிக்குக் கீழே, அறுபது வருடம் சட்டம் மறைத்திருந்த இடத்தில், சுவர் ஒரு நீள்சதுரமாக வேறு நிறத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டார்.